டொராண்டோவில் ஒரு நியூயார்க்

"சூட்ஸ்" என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதை, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தில் நடக்கிறது. ஆனால் முதல் அத்தியாயம் மட்டுமே நியூயார்க்கில் படமாக்கப்பட்டது. அதன்பின் படப்பிடிப்பு பெரும்பாலும் கனடாவின் டொராண்டோவுக்கு மாறியது. அந்தச் சட்ட நிறுவனம் இயங்குவதாக நாம் நம்பிய கண்ணாடிக் கோபுரம் டொராண்டோவின் பே அடிலெய்டு சென்டர். அலுவலக அறைகளோ ஸ்டுடியோவுக்குள் எழுப்பிய அரங்கம்.

இந்த இடமாற்றத்தின் கணக்கு எளிது. கனடிய டாலரின் மதிப்புக் குறைவு ஒருபுறம் இருக்க, ஒன்டாரியோ அரசு அங்கே செய்யப்படும் தகுதியான செலவில் 21.5 சதவீதத்தையும், கனடிய மத்திய அரசு உள்ளூர்ப் பணியாளர் ஊதியத்தில் 16 சதவீதத்தையும் வரிச்சலுகையாகத் தருகின்றன. கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தாலும் மீதி ரொக்கமாகவே கைக்கு வரும் என்பதுதான் தயாரிப்பாளர்களை இழுக்கும் தூண்டில். உள்ளூர்க் கலைஞர்களை அமர்த்தினால்தான் ஊதியச் சலுகை கிடைக்கும் என்பதால், அந்த ஊரில் தேர்ந்த தொழில்நுட்பக் குழுக்களும் வளர்ந்துவிட்டன.

வேடம் போடுவது சிரமமில்லை. மன்ஹாட்டனின் வான்காட்சிகளைக் காட்சிகளுக்கு இடையே செருகி, தெருவில் மஞ்சள் டாக்சிகளையும் நியூயார்க் எண் பலகைகளையும் நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கேமரா கோணம் பார்த்துக்கொள்ளும். சட்டகத்தைச் சற்று அகலமாக வைத்தால் டிராம் தண்டவாளமோ, தலைக்கு மேல் ஓடும் அதன் மின்கம்பியோ உள்ளே வந்துவிடும். மன்ஹாட்டனின் தெருக்களில் டிராம் ஓடுவதில்லை. அடுத்தமுறை பார்க்கும்போது நடிகர்களை விட்டுவிட்டுச் சாலையைக் கவனியுங்கள், எனக்கு இப்போது அதுவே பெரிய பொழுதுபோக்கு.