ஆறு புள்ளி சரிந்த காலாண்டு

காலாண்டு முடிந்து நான்காம் நாள். வாடிக்கையாளர் திருப்தி சர்வேயின் முடிவை அறிக்கையில் போட்டு அனுப்பிவிட்டு இருக்கையை விட்டு எழுவதற்குள் மேலாளரின் அழைப்பு வந்தது. போன காலாண்டில் 82 சதவீதம் பேர் திருப்தி என்றிருந்தார்கள், இந்த முறை 76. நடுவில் நடந்த ஒரே பெரிய மாற்றம், புகார்களைக் கையாளும் முறையை மாற்றியது. "பழைய முறைக்கே போயிடலாம். அடுத்த வாரக் கூட்டத்துல அறிவிச்சிடுறேன்" என்றார்.

எனக்கு ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நடந்ததுதான் இது.

எங்கள் சர்வே எளிமையானது. காலாண்டில் எங்களிடம் உதவி கேட்ட எல்லோருக்கும், ஏறக்குறைய 2,400 பேருக்கு, ஒரு மின்னஞ்சல் போகும். 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், கீழே விருப்பமிருந்தால் ஒரு கருத்து. 4 அல்லது 5 கொடுத்தவர்களைத் திருப்தியடைந்தவர்களாக எண்ணுவோம். போன காலாண்டில் 400 பேர் பதில் அனுப்பியிருந்தார்கள், அதில் 328 பேர் திருப்தி. இந்த முறை 150 பேர், அதில் 114 பேர் திருப்தி. என் அறிக்கையில் இருந்தவை சதவீதங்கள் மட்டும்தான். இந்த 400-ம் 150-ம் அதில் இல்லை. அது என் தவறு.

முதலில் செய்தது சின்னக் கணக்கு. 150 பேரில் 82 சதவீதம் என்றால் 123 பேர். வந்திருப்பது 114. ஆக, நாங்கள் ஒரு நடைமுறையையே தலைகீழாக்கப் போவது ஒன்பது பேரின் பதிலை வைத்து. மேலாளரிடம் பிறகு இதைச் சொன்னபோது, சூத்திரங்கள் எதுவும் செய்யாத வேலையை இந்த ஒன்பது செய்தது.

அடுத்து பிழை வரம்பு. ஒரு சதவீதத்துக்கு 95 சதவீத நம்பிக்கை அளவில் அதைப் போடும் வழி இது. இதில் p என்பது விகிதம், n என்பது பதில்களின் எண்ணிக்கை:

```
1.96 × √( p × (1 − p) / n )
```

போன காலாண்டுக்கு இது 3.8 புள்ளி வருகிறது. இந்தக் காலாண்டுக்கு 6.8. அதாவது 76 என்று நான் அறிக்கையில் எழுதியது, நேர்மையாக எழுதியிருந்தால், 69-க்கும் 83-க்கும் நடுவில் எங்கோ என்று இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வரம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று படுகிறது, எனவே வித்தியாசம் இல்லை என்று முடிப்பது பலரும் செய்வது. நானும் பல வருடம் செய்திருக்கிறேன். அது தப்பு. லேசாக ஒன்றின் மேல் ஒன்று பட்டாலும் வித்தியாசம் உண்மையாக இருக்கலாம். வித்தியாசத்துக்கென்று தனியாக ஒரு பிழை வரம்பு போட வேண்டும். இரண்டு பிழை வரம்புகளையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். 3.8-க்கும் 6.8-க்கும் அப்படிச் செய்தால் 7.8 வருகிறது. எனவே சரிவு 6 புள்ளி, கூடவோ குறையவோ 7.8. கிட்டத்தட்ட 14 புள்ளி சரிந்திருக்கலாம், 2 புள்ளி ஏறியும் இருக்கலாம். இந்த 150 பதிலை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல வழியில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 400 பேர் பதில் சொன்ன இடத்தில் ஏன் 150 பேர்?

சர்வேயை அனுப்பும் சக ஊழியரிடம் கேட்டேன். "அண்ணா, ரிமைண்டர் போகலை. அந்த வாரம் நான் லீவு, வேற யாரும் அனுப்பலை போல" என்றார். வழக்கமாக முதல் மின்னஞ்சல் போய் ஒரு வாரம் கழித்து, பதில் தராதவர்களுக்கு ஒரு நினைவூட்டல் போகும். இந்த முறை போகவில்லை. அவ்வளவுதான் விஷயம் என்று அவர் நினைத்தார். எண்ணிக்கைதானே குறையும், சதவீதம் ஏன் மாறப் போகிறது?

போன காலாண்டின் பதில்களை எடுத்து, பதில் வந்த தேதியை வைத்து இரண்டாகப் பிரித்தேன். நினைவூட்டலுக்கு முன் வந்தவை 165, அவற்றில் 125 பேர் திருப்தி. அது 76 சதவீதம். நினைவூட்டலுக்குப் பின் வந்தவை 235, அவற்றில் 203 பேர் திருப்தி. அது 86 சதவீதம். கேட்ட உடனே பதில் எழுதுகிறவர்களில் மனக்குறை உள்ளவர்கள் அதிகம். திருப்தியானவர்கள், இன்னொரு முறை கேட்டால் ஒரு கிளிக் செய்துவிட்டுப் போவார்கள். ஆக, போன காலாண்டிலும் நினைவூட்டல் போகாமல் இருந்திருந்தால் எங்களுக்கு 76 தான் வந்திருக்கும்.

சந்தோஷப்பட்டேன். உடனே கொஞ்சம் பயமும் வந்தது. எனக்கு வேண்டிய பதில் கிடைக்கும்வரை தரவை வெட்டிக்கொண்டே போனால் எப்படியும் ஏதாவது ஒரு வெட்டில் அது கிடைக்கும். இதுவும் அப்படி ஒன்றா என்று சோதிக்க ஒரே வழி இருந்தது. இப்போதாவது நினைவூட்டலை அனுப்புவது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தாளில் 'புதிதாக வரும் பதில்களில் திருப்தி 80-க்கு மேல் இருக்கும். கீழே வந்தால் என் விளக்கம் தவறு' என்று எழுதி, தேதி போட்டு, மேலாளரின் மேசையில் வைத்தேன். கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனால் எண் வந்த பிறகு விளக்கம் சொல்வதற்கும் வருவதற்கு முன் சொல்வதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும்.

ஐந்து நாளில் 210 பதில்கள் வந்தன. 178 பேர் திருப்தி, 85 சதவீதம். பழைய 150-ஐயும் சேர்த்தால் 360 பேரில் 292 பேர், அதாவது 81 சதவீதம். போன காலாண்டின் 82-க்குப் பக்கத்தில்.

"அப்போ எதுவும் குறையலை, சரியா?" என்றார் மேலாளர்.

இங்கேதான் நான் அவருக்கு இன்னொரு முறை ஏமாற்றம் தர வேண்டியிருந்தது. வித்தியாசம் ஒரு புள்ளிக்கும் கீழே, பிழை வரம்பு 5.5. நாலரை புள்ளி ஏறியிருந்தாலும் இந்த எண் வரும், ஆறு புள்ளி இறங்கியிருந்தாலும் வரும். குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் நம்மிடம் இருப்பது, குறையவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

"அப்போ ஆறு புள்ளி நிஜமாவே குறைஞ்சா கண்டுபிடிக்க எத்தனை பேர் வேணும்?"

இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் சர்வேயைத் தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். 82-லிருந்து 76-க்கு உண்மையிலேயே சரிந்தால், பத்தில் எட்டு முறையாவது அது கண்ணில் பட வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு காலாண்டிலும் சுமார் 720 பதில்கள் தேவை. நமக்கு வருவது அதில் பாதி. அந்தப் பாதியை வைத்து, எட்டு ஒன்பது புள்ளி சரிந்தால்தான் அதே உறுதியோடு பிடிக்க முடியும். ஆறு புள்ளி சரிவைப் பார்த்து ஒவ்வொரு காலாண்டும் நாங்கள் பதறியதும் குதித்ததும் பெரும்பாலும் வெறும் சத்தம் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. போன வருடம் ஐந்து புள்ளி ஏறியதற்கு ஒரு குழுவுக்குப் பாராட்டு மடல் கொடுத்தோம். அதை நான் நினைவுபடுத்தவில்லை.

பதில்களை இரட்டிப்பாக்கினால் பிழை வரம்பு பாதியாகும் என்று அவர் நினைத்தார். பாதியாக்க நான்கு மடங்கு வேண்டும். வர்க்கமூலம் செய்யும் வேலை அது. எனவே இன்னும் இன்னும் மின்னஞ்சல் அனுப்புவதை விட, ஒப்பிடுவதை அரையாண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்வது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு காலாண்டுகளைச் சேர்த்தால் 720-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்தச் சூத்திரத்தாலும் சரிசெய்ய முடியவில்லை. 2,400 பேரில் 2,040 பேர் இன்னும் வாயே திறக்கவில்லை. கணக்கில் வரும் பிழை வரம்பு, பதில் சொன்னவர்கள் எல்லோரிலிருந்தும் குலுக்கல் முறையில் வந்தவர்கள் என்று நம்பிப் போடப்படுவது. சொல்லாதவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்றால் அதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. சூத்திரப்படி பிழை வரம்பு ஒரு புள்ளியில் சிறு பங்குதான். லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். எங்கள் நினைவூட்டல் கதையும் அதே நோயின் சின்ன வடிவம்தான். 76-லிருந்து 81-க்கு எண் நகர்ந்தது, யார் பேசினார்கள் என்பது மாறியதால். அதனால் எந்தக் காலாண்டிலும் ஒரே நாளில் முதல் மின்னஞ்சல், ஏழாம் நாள் நினைவூட்டல், பதினான்காம் நாள் மூடுதல் என்று முடிவு செய்தோம். ஒருசார்பு போகாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், ஒப்பிடும்போது பெரும்பகுதி கழிந்துபோகும் என்ற நம்பிக்கை.

பழைய முறைக்குத் திரும்பும் அறிவிப்பு வரவில்லை. ஆனால் கூட்டத்தில் வேறொரு எண்ணை ஒருவர் தூக்கிக் காட்டினார். முதல் 150 பேரில், மாலையில் புகார் கொடுத்தவர்கள் 22 பேர், அவர்களில் 13 பேர்தான் திருப்தி. "59 சதவீதம்! மாலைக் குழுவைத்தான் மாத்தணும்." இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் மேலே சொன்ன சூத்திரமே நம்பத்தக்கது அல்ல. வில்சன் முறையில் போட்டால் 39-லிருந்து 77 வரை வருகிறது. அந்த அகலத்தில் ஒரு குழுவின் தலையெழுத்தை எழுத முடியாது என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மாலை, அந்த 22 பேரில் திருப்தியில்லை என்ற ஒன்பது பேரும் எழுதியிருந்த கருத்துகளைச் சும்மா படித்துப் பார்த்தேன். நான்கு பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: 'நான் பதில் அனுப்புவதற்குள் புகாரை மூடிவிட்டீர்கள்.' பதிவேட்டைத் திறந்து பார்த்தால், புதிய முறையில் 12 மணி நேரம் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராவிட்டால் புகார் தானாக மூடும்படி அமைத்திருந்தோம். காலையில் நாம் கேள்வி கேட்டால் அவருக்கு ஒரு பகல் முழுக்க இருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கேட்டால் அவர் தூங்கி எழும்போது புகார் மூடியிருக்கும்.

இதற்கு 720 பேர் தேவைப்படவில்லை. எத்தனை சதவீதம் பேர் என்று கேட்டால்தான் மாதிரி அளவு வேண்டும். இப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒரு புகாரின் பதிவு போதும். அந்த 12-ஐ 48 ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.