சங்குப்பூ வீடியோவும் மூன்று விநாடி மௌனமும்

மகளின் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழா வீடியோவுக்கு நேற்றிரவு இருவருமாக உட்கார்ந்து வர்ணனை எழுதினோம். சோதனைக்கு, எங்கள் பினாங்கு வீட்டு வேலியில் பூக்கும் சங்குப்பூ. நியோஞா குவே பலகாரத்தில் நீலம் சேர்ப்பார்களே, அதேதான்.

பூவின் நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விடும் கிளிப் 8 விநாடி. அவள் எழுதியதைக் கைப்பேசி டைமர் வைத்து வாசித்தால் 15 விநாடி ஓடியது. அதோடு, சாறு விழும் முன்பே "ஊதாவாகிவிட்டது" என்று குரல் சொல்லிவிட்டது. பார்ப்பவருக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

மாற்றி எழுதினோம்: "இப்போது எலுமிச்சைச் சாறு பத்துச் சொட்டு விடுகிறேன்." பிறகு மூன்று விநாடி மௌனம். நீலம் ஊதாவாவதைக் கண் பார்க்கட்டும். காரணத்தை அடுத்த படத்தில் சொன்னோம்: பூவிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமி, அமிலம் பட்டால் நிறம் மாறும்.

அந்தப் படத்தில் மூன்று குவளைகள் இருக்கின்றன. மூன்றிலும் 50 மில்லிலிட்டர் பூத்தண்ணீர்தான் என்பது படத்தில் தெரியாது, அதைக் குரல்தான் சொல்ல வேண்டும். நடுக்குவளையில் எதுவும் கலக்கவில்லை, ஒப்பிட வைத்தது. சமையலறை விளக்கில் நீலம் கொஞ்சம் சாம்பலாகத் தெரிந்தது. அதனால் "நடுக்குவளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றும் சேர்த்தாள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.