அப்பாவின் வைப்பு வட்டியும் நான்கு பதில்களும்

அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் பதினைந்து லட்சம் ரூபாயை ஹட்டனிலுள்ள வங்கியொன்றில் 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டிருந்தார். மாத வட்டி 10,000 ரூபாய். கைக்கு வந்தது 9,500. 2025 ஏப்ரலில் அது 9,000 ஆகக் குறைந்ததும், உறவினர்களுக்கு நான் அனுப்பிய கேள்வி இதுதான்: “வைப்பு வட்டிக்கு வரி எவ்வளவு, அதை நிறுத்த முடியுமா?”

மாலைக்குள் நான்கு பதில்கள் வந்தன. வரியே பிடிப்பதில்லை என்றார் 2021இல் வங்கியில் பணியாற்றிய சின்னம்மா மகன். 5 சதவீதம் என்றார் அயல்வீட்டு ஆசிரியர். 10 என்றார் கொழும்பிலுள்ள நண்பர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் சென்று கோத்தகிரியில் குடியேறிய மாமாவோ, “15எச் படிவம் கொடுத்துவிடு, பிடிக்கமாட்டார்கள்” என்றார்.

ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. இலங்கையில் வட்டியிலிருந்து கட்டாயமாக வரி கழிப்பது 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, 2023 ஜனவரியில் 5 சதவீதமாகத் திரும்பி, 2025 ஏப்ரல் முதலாம் திகதி 10 ஆயிற்று. மாமா சொன்ன படிவம் அப்போது அறுபது வயதைக் கடந்த இந்திய வதிவாளர்களுக்கு உரியதாக இருந்தது. இரு நாடுகளிலும் வரியாண்டு ஏப்ரலிலேயே தொடங்குவதால், அவருடைய பதில் எங்களுக்கும் பொருந்துவதுபோலவே தோன்றியது.

வங்கி அலுவலர் என் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூன்று விடயங்களைக் கேட்டார்: எந்த வரியாண்டின் வட்டி, அப்பா இலங்கையில் வதிபவரா, அவருக்கு வேறு வருமானம் உண்டா. வதிவு என்பது குடியுரிமையைக் குறிப்பதன்று; வரியாண்டில் குறைந்தது 183 நாட்கள் நாட்டில் இருந்தாரா என்பதே அதன் பொதுவான அளவுகோல். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தும் ஆண்டு முழுவதும் டோஹாவில் இருக்கும் என் தம்பி, அப்பாவுக்குக் கிடைத்த பதிலைத் தன் வைப்புக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

2025/26 ஆண்டுக்குரிய தனிநபர் வரி விலக்கு 18 லட்சம் ரூபாய். அப்பாவின் முழு ஆண்டு வருமானமே வட்டியாக வரும் 1,20,000 ரூபாய்தான். இந்த எல்லைக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் வரி கழிக்கப்படுவதில்லை. ஆனால் அதற்கு வரி செலுத்துநர் இலக்கம் வேண்டும். அப்பாவிடம் அது இல்லை. தேசிய அடையாள அட்டையைக் கொண்டு அதைப் பெற்ற பின்பே பிரகடனத்தை ஒப்படைத்தோம். அது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.

ஜூன் மாதத்தில் 10,000 ரூபாய் முழுதாகக் கணக்கில் விழுந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கழிக்கப்பட்ட 2,000 ரூபாயை வங்கி திருப்பித் தரவில்லை. அது ஏற்கெனவே இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டதால், வரி கழித்தமைக்கான சான்றிதழுடன் ஆண்டு விபரத்திரட்டு தாக்கல் செய்தே மீளக் கோர வேண்டும். பஸ் செலவைக் கணக்கிட்ட அப்பா, அதைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை.