ஐம்பது தண்டுகளை மட்டும் முன்னதாகக் கேட்டபோது

கொள்முதல் பிரிவில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், அவசரம் என்று வந்துவிட்டால் சப்ளையரைத் தொலைபேசியில் அழைத்து, "என்ன செலவானாலும் நாங்கள் தருகிறோம், சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்வதே வழக்கம் என நினைத்திருந்தேன். அப்படி ஒருமுறை வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஒருவர் விடுமுறை நாளில் ஆட்களை வரவழைத்துச் சரக்கை நேரத்துக்கு அனுப்பினார். ஆனால் அவருடைய கூடுதல் தொகை கொள்முதல் ஆணையில் எங்கும் இல்லாததால், ஆணையையும் சரக்கு வரவுச் சீட்டையும் இன்வாய்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்த கணக்குப் பிரிவு மொத்த இன்வாய்ஸையே நிறுத்தி வைத்துவிட்டது. பணம் போய்ச் சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அடுத்த அவசரத்துக்கு நான் அழைத்தபோது, அவர் மரியாதையாகவே "முடியாது" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

பின்னாளில் ஒரு தண்டு ஆர்டரில் அதே சூழ்நிலை வந்தது. வெளிநாட்டுச் சப்ளையர் ஒருவரிடம், மேற்பரப்பு கடினப்படுத்தி கிரைண்டிங் செய்த 400 எஃகுத் தண்டுகள் கேட்டிருந்தோம். அவை அவரிடமிருந்து புறப்பட இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன, அதன்பின் கடல்வழிப் பயணம் வேறு. எங்கள் வாடிக்கையாளர் தம் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்ததால், நான்கு வாரங்களுக்குள் தண்டுகள் அசெம்பிளிக்கு வந்தாக வேண்டியிருந்தது. முதலில் நான் செய்தது தவறு: ஆர்டர் முழுவதையும் முன்னதாகக் கேட்டேன். விற்பனைப் பிரிவிலிருந்து, ஆர்டர் மதிப்பில் 15 சதவீதம் கூடுதலாகத் தந்தால் இரண்டு வாரம் குறைக்கலாம் என்று பதில் வந்தது. அந்தத் தொகை எதற்கானது என்பதற்கு விளக்கம் இல்லை.

அதன் பிறகுதான் அசெம்பிளி மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். உடனடியாக எழுப்ப வேண்டியவை 12 இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தண்டுகள், ஆக 48. பொருத்தும்போது ஏதேனும் சேதமானால் மாற்றுவதற்கு இரண்டு. மீதமுள்ள 350 தண்டுகள் பழைய தேதியில் வந்தாலே போதும். சப்ளையரை அழைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை முடித்திருக்க வேண்டும். கேட்கும் எண்ணிக்கை 400-இலிருந்து 50 ஆகும்போது, அவருக்கு முன்னால் இருக்கும் வேலையே வேறாகிவிடுகிறது.

அடுத்த அழைப்பை விற்பனைப் பிரிவின் வழியாக, அவர்களுடைய உற்பத்தித் திட்டமிடுபவரையும் சேர்த்துக்கொண்டு பேசினேன். "சீக்கிரம் தர முடியுமா?" என்று கேட்காமல், "இப்போது எங்கள் தண்டுகள் எந்த நிலையில் நிற்கின்றன, அடுத்து எதற்காகக் காத்திருக்கின்றன?" என்று கேட்டேன். 130 தண்டுகள் லேத் வேலை முடிந்து தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. மற்றவையும் முடிந்தால்தான் உலை நிறையும் என்பதால், எஃகின் மேற்பரப்பில் கார்பனை ஏற்றிக் கடினமாக்கும் கார்புரைசிங் வேலைக்கு வெளியே அனுப்பாமல் வைத்திருந்தார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் நிறுவனம் உலை ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம் வாங்கியது. பாதி உலைக்கும் அதே கட்டணம். எங்களுக்கு மீதமிருந்த நாட்களில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் கரைந்துகொண்டிருந்தது.

பணம் கொடுத்துக் குறைக்கக்கூடிய நேரமும் குறைக்க முடியாத நேரமும் எனக்குப் பிரிந்து தெரிந்தது அந்த உரையாடலில்தான். உலைக்குள் செல்வதற்கான காத்திருப்பை வாங்கிவிடலாம். உலைக்குள் இருக்கும் நேரத்தை வாங்க முடியாது. சுமார் 930 டிகிரி செல்சியஸில் எஃகுக்குள் கார்பன் ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. ஆழம் இருமடங்காக வேண்டுமானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வெப்பத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் போனால், எஃகின் மணியமைப்பு பருத்து, தண்டு வளைந்து, கிரைண்டிங்குக்கு விட்ட உபரி போதாமல் போகும். அதனால் கார்புரைசிங், டெம்பரிங், இறுதிப் பரிசோதனை ஆகியவற்றில் எதையும் சுருக்க வேண்டாம் என்று நானே முதலில் சொன்னேன். அவசரம் என்று கேட்பவர் இதைச் சொல்லாவிட்டால், எதிரில் இருப்பவர் பரிசோதனையில் சுருக்கிக்கொள்ள இடமுண்டு.

கூடுதல் செலவை வரி வரியாகப் பிரித்துக் கேட்டேன். நான்கு வரிகள் வந்தன: நிறையாத உலைக்கான கட்டண வித்தியாசம், கிரைண்டிங் இயந்திரத்தை எங்கள் தண்டுக்காக இருமுறை அமைப்பதில் ஒன்று, வார விடுமுறையில் இரண்டு ஷிப்டுகளுக்கான ஓவர்டைம், கடல்வழிக்குப் பதிலாக விமானத்தில் அனுப்பும் வித்தியாசம். நான்கையும் சேர்த்தால் ஆர்டர் மதிப்பில் 4 சதவீதத்தை ஒட்டி வந்தது. உலைக் கட்டணம் எப்படியும் ஒன்றுதான் என்பதால் 130 தண்டுகளையும் ஒரே உலையில் ஏற்றவும், கிரைண்டிங் மட்டும் 50-க்கு முதலில் செய்யவும் ஒப்புக்கொண்டோம். ஓவர்டைமை நான் விரும்பியே ஏற்றேன். வேலை நாளில் எங்கள் தண்டு முந்தினால் இன்னொருவரின் வேலை பின்னுக்குப் போகும்; விடுமுறை ஷிப்டில் அப்படி எவரும் தள்ளப்படுவதில்லை.

விமானக் கட்டணத்தையும் சரிபார்த்தேன். தண்டு ஒன்று 2.4 கிலோ, 50 தண்டுகள் 120 கிலோ, பெட்டி 18 கிலோ, மொத்தம் 138. பெட்டியின் நீள அகல உயரம் 120, 80, 60 சென்டிமீட்டர். பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றும் விமானச் சரக்குக் கணக்குப்படி, அவற்றைப் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 96 கிலோ. இரண்டில் அதிகமானதற்குத்தான் கட்டணம் என்பதால், இங்கே உண்மையான எடையே செல்லும். உலோகப் பொருளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் அமையும்.

அன்று மாலையே எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"400 தண்டுகளில் 50-ஐ மட்டும் இணைப்பில் உள்ள தேதிக்குள் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் குறிப்பிட்ட நான்கு செலவுகளையும் நாங்கள் ஏற்கிறோம். அவற்றின் கூட்டுத்தொகையே உச்சவரம்பு. அதை மீற நேர்ந்தால், செலவு செய்வதற்கு முன் எங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். தண்டின் விலையில் மாற்றமில்லை. 50 தண்டுகள் குறித்த தேதிக்குள் ஒப்படைக்கப்படாவிட்டால், ஓவர்டைமும் விமான வித்தியாசமும் எங்களைச் சேரா. மீதி 350 தண்டுகளுக்கு முந்தைய தேதியே தொடர்கிறது என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்."

தேதி தவறினாலும் உலைக் கட்டணத்தையும் இயந்திர அமைப்புச் செலவையும் நாங்களே ஏற்கும்படி விட்டது வேண்டுமென்றேதான். நாங்கள் கேட்டதால் அவர் முன்கூட்டியே செலவழிப்பவை அவை. தேதி தவறினால் எல்லாமே உங்கள் தலையில் என்று எழுதினால், கவனமுள்ள சப்ளையர் ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசி வரியும் சம்பிரதாயத்துக்காகச் சேர்த்ததல்ல. ஒரு பகுதி முன்னால் நகர்ந்ததும், மீதியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் தொழிற்சாலைத் தளத்தில் இயல்பாகவே வந்துவிடும்.

மறுநாள் கொள்முதல் ஆணையைத் திருத்தி, 50 ஒரு வரியாகவும் 350 ஒரு வரியாகவும், கூடுதல் செலவு தனி வரியாகவும் பதிந்து அனுப்பினோம். வேலை நகர்கிறதா என்று அறிய நான் தினமும் அழைக்கவில்லை. உலையிலிருந்து வந்ததும் மாதிரித் தண்டின் கடினத்தன்மையும் கார்பன் ஆழமும் குறித்த அறிக்கையை மட்டும் அனுப்பச் சொன்னேன். உலைக்குப் போகாத தண்டுக்கு அந்த அறிக்கை இருக்க முடியாது. ஒன்பதாம் நாள் அது வந்தது. 50 தண்டுகளும் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பே விமானம் ஏறின.

350 தண்டுகள் நான்கு நாள் தாமதமாகக் கப்பல் ஏறின; அதை அவர் இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதித் தெரிவித்திருந்ததால், அசெம்பிளி வரிசையை மாற்றிக்கொள்ள எங்களுக்கு நேரம் இருந்தது. கூடுதல் செலவுக்கான இன்வாய்ஸ், ஓவர்டைம் ஒரு ஷிப்டோடு முடிந்துவிட்டதால், உச்சவரம்புக்கும் குறைவாகவே வந்தது. ஆணையில் அதற்கென வரி இருந்ததால், கணக்குப் பிரிவு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த வாரமே பணத்தை அனுப்பியது.