பதிவு 41 நிமிடம், அட்டவணை ஒரு தாள்

அம்மாவுக்கு நீரிழிவு ஆலோசனை நடந்தபோது மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டுத்தான் போனில் பதிவு செய்தேன். "வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். மொத்தம் 41 நிமிடம். ஒரே இரவில் கேட்டு, எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒட்டியும் விட்டேன். அந்தத் தாள்தான் அம்மாவைப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் உட்கார வைத்தது.

பதிவில் பாதி மலாய், கொஞ்சம் தமிழ், நடுவே கவுண்டரில் எண் கூப்பிடும் சத்தம். முதல் தடவை கேட்டபோது, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரைக்கு "செத்தெங்கா" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அரை மாத்திரை என்று எழுதிவிட்டேன். மருந்து உறையில் ஒரு மாத்திரை, தினம் இரண்டு முறை, சாப்பிடும் முன் என்று இருந்தது. திரும்பக் கேட்டால் அது "செத்தெங்கா ஜாம்". அரை மாத்திரை இல்லை, அரை மணி நேரம்! பதிவும் உறையும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் எழுதாமல் கிளினிக்கில் கேளுங்கள். நானும் போனேன். சந்திப்புப் புத்தகத்தைக் கொண்டுவராததால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்க்கிங் காசும் அரை நாள் லீவும் போனதுதான் மிச்சம். மறுநாள் புத்தகத்தோடு போய், ஒரு மாத்திரைதான் என்று உறுதி செய்துகொண்டேன். இன்னொரு மாத்திரையான மெட்ஃபார்மின், சாப்பாட்டுக்குப் பின். அதில் குழப்பம் இல்லை.

அடுத்த தவறு என்னுடையது. "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், ஆண்டி?" என்று பதிவில் மருந்தாளுநர் கேட்க, அம்மா "ஏழு மணி" என்றிருக்கிறார். நானும் 6.30-க்கு மாத்திரை, 7-க்குத் தோசை என்று போட்டுவிட்டேன். ஆறு நாளும் அது உண்மைதான். வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா வெறும் வயிற்றோடு முருகனைப் பார்க்கப் போவார், பசியாறல் ஒன்பது மணிக்கு மேல்தான். 6.30-க்கு அட்டவணைப்படி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 500-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறத் தொடங்கிவிட்டார்.

பாதியில் கை நடுங்கி, முகமெல்லாம் வேர்த்து, கேட்டதற்குப் பதில் குழறியது. பக்கத்தில் இருந்தவர் வடை ஒன்றை நீட்டினார். நல்ல மனசு, ஆனால் எண்ணெய்ப் பண்டத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். கீழே கடையில் மூன்று தேக்கரண்டிச் சீனி வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் பேச்சு தெளிவானது. காரில் வைத்திருந்த சர்க்கரை மீட்டரில் அப்போதே 4.3 mmol/L தான். நான்குக்குக் கீழே போனால் ஆபத்து. சீனி கொடுக்கும் முன் எவ்வளவு இருந்ததோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. உடனே கொஞ்சம் சாப்பிடவும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். 22-ஆவது நிமிடத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: சாப்பாடு இல்லையென்றால் இந்த மாத்திரையும் இல்லை, விட்டுப்போனதை அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாகவும் போடக்கூடாது. அந்த இடத்தில் அம்மா பக்கத்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்ததால் நான் தள்ளி ஓட்டிவிட்டேன்.

அப்புறம் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மணியே கிடையாது. "தோசைக்கல்லை எடுத்து வைக்கும்போது சிவப்புப் பொட்டு மாத்திரை." கிளிக்லசைடு உறையில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டினேன். கல்லை எடுத்ததிலிருந்து சட்னி அரைத்துத் தட்டு வைக்கும்வரை எங்கள் வீட்டில் அரை மணி ஆகிறது. வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் கல். இந்தத் தாளை மருந்தாளுநரிடம் காட்டினேன். படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

சோற்று அளவிலும் ஒரு சிக்கல் இருந்தது. பதிவில் "ஒரு கிண்ணம்" என்கிறார். அவர் சொன்னது சீனர் சாப்பிடும் சிறு கிண்ணம். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் ஒரு முறை போட்டால் அதைப் போல ஒன்றரை மடங்கு வருகிறது. சௌராஸ்தா மார்க்கெட்டில் அந்தச் சிறு கிண்ணம் ஒன்று வாங்கி, "இதுதான் உங்கள் சோறு" என்று கொடுத்தேன். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ என்று அவர் சொன்னதையும் அம்மா ஒத்துக்கொண்டார். தே தாரிக்கை விடுவதற்குத்தான் இரண்டு வாரம் சண்டை.

இப்போது அம்மாவின் கைப்பையில் எப்போதும் நான்கு சீனிப் பொட்டலம் இருக்கும். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தது. "ஏன்மா, மயக்கம் வந்ததா?" என்று பதறினேன்.

"இல்லடா, கடையில தே ஓ கொசோங் கசந்துச்சு."