96 விழுக்காடு என்ற எண்ணுக்குள் இருந்தவை: டயாலிசிஸ் மெஷின்களின் பராமரிப்புத் திட்டம் வகுத்த அனுபவம்

எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் 10 மெஷின்கள் உள்ளன. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை மூன்று ஷிப்ட் ஓடும். மெஷின்கள் அடிக்கடி நிற்கின்றன என்ற புகார் வந்தபோது, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தடுப்புப் பராமரிப்பை நான்காக்கலாமா என்று நிர்வாகம் கேட்டது. அதற்கான செலவைப் பரிந்துரைக்கும் முன் ஓராண்டுப் பழுதுப் பதிவேட்டைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய பொறுப்பு, பயோமெடிக்கல் பிரிவில் இருந்த எனக்கு வந்தது.

கணக்கைத் தொடங்கும் முன், எதைப் பழுது என்று எண்ணுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவேட்டில் எழுதப்பட்டவை எல்லாம் மெஷினின் பழுதுகள் அல்ல. நோயாளியையும் மெஷினையும் இணைக்கும் ரத்தக் குழாய் மடங்கியதால் அழுத்த அலாரம் அடித்ததும், குழாய்த்தொகுதியில் காற்றுக்குமிழி புகுந்ததால் மெஷின் நின்றதும்கூட அதே பதிவேட்டில்தான் இருந்தன. மெஷினைச் சரிசெய்யாமல் சிகிச்சையைத் தொடர முடியாத நிகழ்வை மட்டுமே பழுது என்று கொண்டோம். டயாலிசிஸ் திரவத்தின் உப்புச் செறிவைக் காட்டும் கண்டக்டிவிட்டியில் ஒரே கோளாறு அரைகுறையாகச் சரிசெய்யப்பட்டு அதே வாரத்தில் திரும்ப வந்திருந்தால், அதைப் புதிய பழுதாக எண்ணாமல் முந்தைய பழுதின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டோம். ஆர்.ஓ. பிளான்ட் நின்று பத்து மெஷின்களும் ஒன்றாக ஓய்ந்த நாளைத் தனிக் கணக்கில் வைத்தோம். அது மெஷின்களின் குறையாகாது, அதைச் சேர்த்தால் மற்ற எண்களும் பொருளிழக்கும்.

நேரத்தை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நின்ற மெஷின் ஞாயிறு நண்பகலில் சரியானால், கடிகாரப்படி 16 மணி நேரம் போயிற்று. ஆனால் டயாலிசிஸ் பிரிவு இழந்தது ஒரு மணி நேரம் மட்டுமே. ஓடிய நேரத்தை மெஷினின் மணி மீட்டரிலிருந்தும் நின்ற நேரத்தைக் கடிகாரத்திலிருந்தும் எடுத்தால், இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் விகிதம் தவறாகும். ஆகவே ஒரு நாளுக்கு 15 மணி, மாதத்துக்கு 26 நாள் என்று, மெஷின் தேவைப்படும் நேரத்தையே அடிப்படையாகக் கொண்டோம். ஒரு மெஷினுக்கு ஆண்டுக்கு 4,680 மணி. பத்துக்கும் சேர்த்து 46,800 மணி.

அந்த ஆண்டில் 36 பழுதுகள் ஏற்பட்டிருந்தன. அவற்றால் நின்றுபோன நேரம் மொத்தம் 1,800 மணி. மீதமுள்ள 45,000 மணியை 36ஆல் வகுத்தால் 1,250 மணி. இதுவே எம்.டி.பி.எஃப்., அதாவது பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம். ஒவ்வொரு பழுதிலும் மெஷின் நின்ற சராசரி நேரமான எம்.டி.டி. 50 மணி. தேவைப்படும் நேரத்தில் மெஷின் இயங்கும் நிலையில் இருக்கும் பங்கையே அவைலபிலிட்டி என்கிறோம். அதன் வாய்பாடு எளியது:

```
A = MTBF / (MTBF + MDT) = 1250 / (1250 + 50) = 0.9615
```

ஏறத்தாழ 96 விழுக்காடு. தேசிய சுகாதார இயக்கத்தின் மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வைத்த இலக்கு 95 விழுக்காடு. எங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் அதே எண்தான் இருந்தது. காகிதத்தில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. இதை டயாலிசிஸ் பிரிவின் மூத்த டெக்னீஷியனிடம் சொன்னபோது, "என்னமோ 96ன்னு சொல்றீங்க சார், வாரத்துல ரெண்டு நாள் ஏதாவது ஒண்ணு நிக்குதே" என்றார்.

அவர் சொன்னது சரி, எண்ணும் சரி. ஒரு மெஷின் இயங்கும் வாய்ப்பு 0.9615 என்றால், பத்தும் ஒரே நேரத்தில் இயங்கும் வாய்ப்பு அதன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.68 மட்டுமே. பத்து மெஷின்களையும் நம்பி நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் பிரிவில், மூன்று நாட்களில் ஒரு நாள் ஏதோ ஒரு மெஷின் குறைவாக இருக்கும். வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்பதால் அது இரண்டு நாளாகிறது. ஒரு மெஷின் நின்றால் அன்று மூன்று நோயாளிகளை நள்ளிரவைத் தாண்டும் நான்காம் ஷிப்டுக்குத் தள்ள வேண்டியிருந்தது. தனி மெஷினின் அவைலபிலிட்டியும் பிரிவின் அவைலபிலிட்டியும் ஒன்றல்ல என்பதை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

ஒன்பது மெஷின்களுக்கு மட்டும் நோயாளிகளை ஒதுக்கி, ஒன்றை மாற்றாக வைத்துக்கொண்டால் என்னவாகும் என்பதை எக்செலிலேயே பார்க்கலாம். பத்தில் அதிகபட்சம் ஒன்று மட்டும் நிற்கும் வாய்ப்பு:

```
=BINOM.DIST(1, 10, 0.0385, TRUE)
```

விடை 0.946 வருகிறது, 68 விழுக்காடு 94க்கு மேல் ஏறிவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு மெஷின்கள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகின்றன என்றும், எந்த மெஷினையும் எந்த நோயாளிக்கும் பயன்படுத்தலாம் என்றும் எடுத்துக்கொள்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய மெஷின் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது நின்றால், நோயாளிக்கு எப்போது மெஷின் கிடைக்கும் என்பதை அந்த ஒற்றை மெஷினின் பழுதுநீக்க நேரமே தீர்மானிக்கும். பொது மெஷின்களுக்கென வைத்த மாற்று அங்கே எளிதில் உதவாது. அதனால் உதிரிபாகம் ஒன்றே ஒன்று கையிருப்பில் இருந்து இரண்டு மெஷின்கள் நின்றால், அது முதலில் அந்த மெஷினுக்கே என்று எழுதி வைத்தோம்.

அடுத்து 1,800 மணியைப் பிரித்துப் பார்த்தோம். 36 பழுதுகளில் 27, சராசரியாக 6 மணி நேரத்தில் சரியாகியிருந்தன. அவை எடுத்தது மொத்தம் 162 மணி. மீதி 9 பழுதுகள் மட்டும் 1,638 மணியை விழுங்கியிருந்தன. ஒவ்வொன்றும் சராசரியாக 182 மணி. சராசரி 50 மணி என்றாலும், 50 மணிக்கு அருகில் முடிந்த பழுது பதிவேட்டில் அநேகமாக ஒன்றுமே இல்லை. நீண்டு இழுத்த ஒன்பதில் பவர் சப்ளை போர்டு பழுதான ஒன்றை நாள்வாரியாகப் பிரித்தோம். விலைப்புள்ளி வர மூன்று வேலை நாள், கொள்முதல் அனுமதிக்கு நான்கு, பொருள் வந்து சேர ஐந்து. பன்னிரண்டு நாளுக்கு 180 மணி. போர்டைக் கண்டறிந்து, மாற்றி, கண்டக்டிவிட்டியும் வெப்பநிலையும் சரிபார்த்த வேலைக்கு ஆனது வெறும் 2 மணி நேரம். மேலும், உதிரிபாகத்தை நாங்கள் வாங்கித் தரும் வரையிலான நாட்கள் 95 விழுக்காட்டில் சேராது என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தது.

ஒன்பதும் 8 மணி நேரத்தில் முடிந்திருந்தால் மொத்த இழப்பு 234 மணியாகக் குறைந்திருக்கும். பழுதுகளின் எண்ணிக்கை அதே 36 ஆக இருந்தும் அவைலபிலிட்டி 99.5 விழுக்காட்டைத் தொட்டிருக்கும். நிர்வாகம் கேட்ட கேள்விக்கு விடை இதிலேயே இருந்தது. தடுப்புப் பராமரிப்பை இரட்டிப்பாக்குவது எம்.டி.பி.எஃப்.ஐ உயர்த்தும் முயற்சி. எங்கள் இழப்போ பெரும்பாலும் காத்திருந்த நேரத்தில் இருந்தது.

எம்.டி.பி.எஃப். 1,250 என்பதால் ஒவ்வொரு மெஷினும் 1,250 மணி ஓடிவிடும் என்று பொருளல்ல. பழுதுகள் தற்செயலாக வருபவை என்றால், அவ்வளவு நேரம் பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். அத்தகைய பழுதுகளைத் தேதி குறித்துத் தடுக்க முடியாது. எங்கள் பதிவேட்டில் போர்டுகளும் சென்சார்களும் அப்படித்தான் இருந்தன. 2,000 மணியிலும் போயிருந்தன, 20,000 மணியிலும் போயிருந்தன. நன்றாக இருக்கும் பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவதால் அங்கே ஒன்றும் கிடைக்காது. நீரில் கரைந்த காற்றை நீக்கும் டிகேசிங் பம்புகள் வேறு வகை. பழுதான ஐந்தும் 9,000 முதல் 11,000 மணிக்குள் போயிருந்தன. ஐந்து பம்புகள் பெரிய ஆதாரமல்ல என்றாலும், தேய்மானம் என்பது கழற்றிப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. அவற்றை 8,500 மணியில், ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பின்போதே மாற்றுவதென முடிவு செய்தோம்.

பைகார்பனேட் படிவால் வால்வுகள் ஒழுகியதும் கண்டக்டிவிட்டி அலைபாய்ந்ததும் 14 பழுதுகள். இவற்றுக்கு ஆண்டுக்கு நான்கு முறை வரும் இன்ஜினியர் தீர்வல்ல. சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீர்க் கழுவல் ஷிப்டுக்குப் பின் தவறாமல் நடப்பதே தீர்வு. மூன்றாம் ஷிப்ட் தாமதமான நாட்களில் அது விடுபட்டிருந்ததை மெஷினின் கழுவல் பதிவு காட்டியது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் ஒரு கட்டத்தை ஷிப்ட் படிவத்தில் சேர்த்தோம்.

உதிரிபாகக் கையிருப்பையும் இதே கணக்கில் முடிவு செய்தோம். சோலினாய்டு வால்வு ஆண்டுக்கு ஆறு தேவைப்பட்டது; வந்து சேர இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தில் எதிர்பார்க்கும் தேவை ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதாமல் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல். இரண்டு வைத்தால் 92 விழுக்காடு, மூன்று வைத்தால் 98 விழுக்காடு தேவை நிறைவேறும். விலை அதிகமில்லாத பொருள் என்பதால் மூன்று வைத்தோம். பவர் சப்ளை போர்டு, கண்டக்டிவிட்டி செல், டிகேசிங் பம்ப் ஆகியவற்றில் ஒவ்வொன்று வைத்தோம். மெயின் போர்டு விலை கட்டுபடியாகவில்லை. அதற்கு மட்டும் விலையை முன்கூட்டியே பேசி முடித்து, அனுமதிக்காகக் காத்திராமல் ஆர்டர் அனுப்பும் ஏற்பாட்டை நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டில் 30 பழுதுகள், 420 மணி இழப்பு. அவைலபிலிட்டி 99.1 விழுக்காடு, பத்தும் ஒன்றாக இயங்கும் வாய்ப்பு 68லிருந்து 91 விழுக்காடாக உயர்ந்தது. எம்.டி.பி.எஃப். 1,250லிருந்து 1,546 ஆனதை அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. சராசரி 36 பழுதுகள் வரும் இடத்தில் ஆறு கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். கழுவல் ஒழுங்கானதால் குறைந்ததா என்று சொல்ல இன்னும் இரண்டு ஆண்டுப் பதிவாவது தேவை. 1,800 மணி 420 ஆனதற்கு அந்த ஐயம் இல்லை. எந்தெந்தப் பழுதில் எத்தனை நாள் குறைந்தது என்று காட்ட முடிந்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 95 விழுக்காடு என்ற வரியை நீக்கச் சொன்னோம். அது ஒரு மெஷினுக்கு ஆண்டுக்கு 234 மணி நேர இழப்பை அனுமதித்தது. முதல் ஆண்டில் எங்கள் சராசரி இழப்பு 180 மணிதான், புகாருக்கு இடமே இல்லை. பதிலாக, எந்தப் பழுதும் 48 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று மெஷின் தர வேண்டும், உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் அதில் சேரும் என்று எழுதினோம். ஆண்டுக் கட்டணம் சற்று உயர்ந்தது. அது, நான்கு முறை பராமரிப்புக்காகக் கேட்கப்பட்ட கூடுதல் தொகைக்குள் அடங்கிவிட்டது.