பாலுக்குள் இருக்கும் சர்க்கரை

“கடிக்காதே தம்பி. நாக்குல வச்சிட்டுச் சும்மா இரு.”

பெரியவர் இதைச் சொல்வதற்குச் சற்று முன்புதான், கோவா கிண்டத் துடுப்பு போட்ட பையனை நான் திட்டி முடித்திருந்தேன். இருபது லிட்டர் பால், நாலு கிலோ கோவா. இரவு இறக்கும்போது வெண்ணெய் மாதிரி இருந்த சரக்கு, காலையில் விரலில் தேய்த்தால் பொடிமணல் மாதிரி நறநறத்தது. கிண்டாமல் விட்டிருக்கிறான், வேறென்ன என்று நினைத்தேன். பல வருடம் இந்த வேலையில் இருப்பவன் அப்படித்தான் நினைப்பான் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாக்கில் வைத்த சிட்டிகையை வாய்ச்சூட்டில் விட்டேன். முதலில் கரகரப்பு, பிறகு மெல்ல மெல்லக் கரைந்து லேசான இனிப்பு. சர்க்கரை சேர்க்காத கோவா அது.

“திரிஞ்ச பாலோட மணி கரையாது. ரப்பர் மாதிரி பல்லுல நிக்கும். இது கரையுதுல்ல? இது பாலுக்குள்ளயே இருக்குற சர்க்கரை.”

அதன் பெயர் லாக்டோஸ் என்று எனக்குத் தெரியும். அது மணலாகும் என்று யோசித்ததில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிராம் பாலில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. இருபது லிட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ. சுண்டும்போது தண்ணீர்தான் போகிறது, இது போவதில்லை. நாலு கிலோ கோவாவில் மிஞ்சும் தண்ணீரோ ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். நாம் போடும் சர்க்கரை மாதிரி இது எளிதில் கரைவதும் இல்லை. ஆறிய பிறகு ஒரு கிலோ தண்ணீர் இருநூறு கிராம் அளவுக்குத்தான் தாங்கும். கொதிக்கும்போது கரைந்து கிடந்தது, ஆறும்போது இடமில்லாமல் வெளியே வருகிறது. எவ்வளவு நன்றாகக் கிண்டினாலும் வெளியே வரத்தான் செய்யும். சிறு துகள்களாக வருகிறதா, பெரிய படிகமாக வருகிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. விறுவிறுவென ஆறினால் எண்ணற்ற நுண்துகள்கள் ஒரே நேரத்தில் பிறக்கும், நாக்குக்குத் தெரியாது. மெதுவாக ஆறினால் கொஞ்சம்தான் பிறக்கும், அந்தக் கொஞ்சமே வளர்ந்துகொண்டே போகும்.

பெரியவர் இத்தனையும் சொல்லவில்லை. “ராத்திரி எதுல வச்ச?” என்று மட்டும் கேட்டார்.

ஆழமான அடுக்கில், சுடச்சுட, மூடி போட்டு. வைத்தவன் நான். நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும்.

“அகலத் தட்டுல பரப்பி, சூடு போறவரைக்கும் புரட்டி விட்டிருக்கணும். பழைய கோவா ஒட்டுன பாத்திரம்னா இன்னும் மோசம். அதுல இருக்குற மணி விதையா நின்னு வளரும்.”

பையன் அங்கேதான் நின்றான். பெரியவர் அவன் பக்கம் திரும்பவில்லை. நான் திட்டும்போதே அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். ஏன் அப்போதே சொல்லவில்லை? அவன் முன்னால் என்னைத் திருத்த வேண்டாம் என்று நினைத்தாரா, இல்லை நான் முழுசாகக் கொட்டித் தீர்க்கட்டும் என்று விட்டாரா? இரண்டில் எது என்றாலும் எனக்கு நிம்மதியில்லை.

சரக்கில் பாதியைக் கொஞ்சம் பால் விட்டு மறுபடி சூடாக்கினோம். மணல் கரைந்தது. தட்டில் பரப்பிப் புரட்டி ஆற்றினோம். நிறம் சற்றுப் பழுத்துவிட்டது, ஆனால் வழவழப்பு வந்தது. அவர் சொன்னது சரிதான்.

ஆனாலும் ஒன்றை அவரிடம் நான் சொல்லவில்லை. நாக்கில் கரைந்து முடிந்த பிறகும் இரண்டொரு துணுக்கு கரையாமல் நின்றது. சூடாக்கிய பாதியிலும் அது இருந்தது. சட்டி ஓரத்தில் காய்ந்த ஏடு பொருக்காகி உள்ளே விழுந்திருக்கலாம். அப்படியானால் பையன் ஓரத்தை வழிக்காமல் விட்டிருக்கிறான், என் திட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. அல்லது பால் லேசாகப் புளிப்பேறியிருக்கலாம். கறந்து நேரமான பால் மணத்தில் காட்டிக்கொடுக்காமலே சூட்டில் மணிமணியாகத் திரளும். அன்றைய பாலை மதியம்வரை அடுப்பேற்றாமல் வைத்திருந்ததும் நான்தான். எது என்று கண்டுபிடிக்க அந்தத் துணுக்கை எடுத்துப் பார்த்திருக்கலாம். தீய்ந்த ஏடு என்றால் பழுப்பாகத் தட்டையாக இருக்கும், திரிந்தது என்றால் வெள்ளையாக இழுபடும். நான் பார்க்கவில்லை, விழுங்கிவிட்டேன்.

மறுநாள் பையனிடம், “இனிமே இறக்குனதும் தட்டுல பரப்பிடணும், சரியா?” என்றேன். அதுவரை அவன்தான் அதைச் செய்யத் தவறினான் என்பது போன்ற குரலில். “சரிண்ணே” என்றான்.

இப்போது அவன் கேட்காமலே சட்டி ஓரத்தையும் நொடிக்கொரு தரம் வழித்துக்கொண்டே இருக்கிறான்.